இருபத்து மூன்றாம் கேள்விக்கு ஒரு மின்னஞ்சல்

பதுளைக்குப் பக்கத்தில், மலையைச் சீவிச் சமப்படுத்திக் கட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் இருந்தார்கள், முதுநிலை விரிவுரையாளர்கள் இருந்தார்கள், அவர்களுக்குக் குறையாத கம்பீரத்தோடு நூலகத்தில் ஒரு பூனையும் இருந்தது. ஆனால் தேயிலைத் தொழினுட்பம் படித்த இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால், பரீட்சைக்கு முதல் நாள் செல்லுபடியாகும் அதிகாரம் ஒன்றே ஒன்றுதான் என்பார்கள். அது தெமோதரை சிவசக்தி.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் விளங்கிக்கொள்வதற்காக மாணவர்களே மாணவர்களுக்கு நடத்தும் பாடத்துக்குக் 'குப்பி' என்று பெயர். அதற்குச் சம்பளம் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது. இருந்தும் குப்பி கொடுப்பவருக்குக் கன்டீனில் இடம் பிடித்து வைப்பார்கள். மழைக்குக் குடை நீட்டுவார்கள். பிறந்தநாளை மறக்க மாட்டார்கள். சிவசக்தி இந்தப் பதவியில் மூன்று பருவங்களாக வீற்றிருந்தாள். வாக்கெடுப்பு நடக்கவில்லை என்றாலும், எதிர்த்துப் பேச ஆளில்லாத நிலைமை எந்த வாக்கெடுப்பையும் விட உறுதியானது என்பதை நாடறியும்.

அவளுடைய செல்வாக்குக்கு அடித்தளம் இரண்டு. ஒன்று, அவளுடைய அழகான கையெழுத்து. மற்றது, "எங்க அப்பா ஃபெக்டரியிலதான்" என்ற ஒரு வாக்கியம். தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி யார் எந்தச் சந்தேகம் எழுப்பினாலும் அவள் இந்த வாக்கியத்தை எடுத்து மேசையில் வைப்பாள். சந்தேகம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடும்.

அப்படியிருக்க, பருவ நடுவில் விரிவுரையாளர் கஜேந்திரன் சேர் முப்பது பல்தேர்வுக் கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சை வைத்தார். புள்ளிகளும் விடைகளும் இணையத்தில் ஏறிய அன்று மத்தியானம், பெண்கள் விடுதியில் ஒரு பூகம்பம் நிகழ்ந்தது. கேள்வி இருபத்து மூன்று: கறுந்தேயிலைத் தயாரிப்பில், கொழுந்திலுள்ள பொலிபீனோல்கள் நொதியத்தால் ஒட்சியேற்றம் அடையத் தொடங்குவது எந்தக் கட்டத்தில்? ஒன்று, வாட்டுதல். இரண்டு, உருட்டுதல். மூன்று, பரப்பி நொதிக்க விடுதல். நான்கு, உலர்த்துதல்.

சிவசக்தியும் அவளுடைய குப்பிக்கு வந்தவர்களுமாகப் பதினெட்டுப் பேரும் மூன்று என்று போட்டிருந்தார்கள். சேரின் விடை இரண்டு. தமிழ்ப் பிள்ளைகளில் சரியாகப் போட்டிருந்த ஒரே ஆள் ஜீவன். அவன் மொனராகலையில் மச்சானின் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் குப்பிக்கே வராதவன்.

பேட்ச் பிரதிநிதி ஜூட் வாட்சப் குழுவில் போட்டான்: "கடைசிப் பரீட்சைக்கு ஜீவன் குப்பி குடுத்தா என்ன?" அதற்குக் கீழே ஏழு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். அந்த ஏழு விரல்களையும் சிவசக்தி பெயர் பெயராகப் பார்த்தாள். குடை பிடித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"சேரோட விடை பிழை," என்று அறிவித்தாள். "கொழுந்து செம்பு நிறமா மாறுறது பரப்பி வைக்கிற எடத்துலதான். எங்க அப்பா ஃபெக்டரியில—"

"அப்ப ஒங்கப்பாவுக்கே ஒரு கோல் போட்டுக் கேளேன்டி," என்றாள் அறைத்தோழி நேசராணி.

கேட்டாள். அப்பா வீரய்யா கொழுந்து லொறி ஓட்டுபவர்.

"நான் வாசல்ல கொழுந்த எறக்கிட்டு வந்துருவேம்மா," என்றார் அவர். "உள்ளுக்கு என்னா செய்றாங்கன்னு எனக்கு என்னா தெரியும்? டீமேக்கரு உள்ள விட மாட்டாரு. ஏன், என்னமாச்சும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா கேட்டேன்." போனை மிகக் கவனமாகக் கீழே வைத்தாள். இந்தச் செய்தி அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று நேசராணியிடமும், அடுத்த கட்டிலில் இருந்த லரீபாவிடமும் சத்தியம் வாங்கப்பட்டது.

மிஞ்சியிருந்தது ஒரு வழிதான். சேருக்கு மின்னஞ்சல் எழுதுவது.

ஒரு மாணவி விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதென்பது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தூது அனுப்புவதற்குச் சமம். மூவரும் கட்டிலில் சம்மணம் போட்டு அமர்ந்து மடிக்கணினியைச் சுற்றி வளைத்தார்கள். நேசராணி, 'தாழ்மையுடன்' என்ற சொல்லை மூன்று இடத்தில் வைக்க வேண்டும் என்றாள்.

"தாழ்மை ஒண்ணு போதும். மூணு போட்டா களவெடுத்தவ மாதிரி இருக்கும்," என்றாள் லரீபா. "பாட இலக்கம், ஒன் சுட்டிலக்கம், எத்தனையாவது கேள்வி, நீ போட்ட விடை, ஏன் அத போட்ட. இதப் போட்டுட்டு ஏன் பிழைன்னு கேளு. முடிஞ்சு."

"அவ்வளவுதானா? நம்ம பலம் தெரிய வேணாமா?" என்றாள் சிவசக்தி.

பலம் தெரிவதற்காக அவள் கடைசியில் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். ஆங்கிலத்தில் அது மிகவும் எடுப்பாக இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்களில் பதினெட்டுப் பேரும் இதே விடையைத்தான் தெரிவு செய்தோம் என்பதையும் தயவுடன் கருத்தில் கொள்ளவும்.' இத்தனை பேர் ஒருமித்துப் பிழை விட முடியாது என்பது அவளுடைய வாதம். அனுப்பிவிட்டு, வெற்றி பெற்ற தளபதியைப் போல முகம் கழுவப் போனாள்.

பதில் பின்னேரமே வந்தது. இரண்டு வரி. 'நாளை பத்து மணிக்கு என் அறைக்கு வரவும். பதினெட்டுப் பேரும் ஒரே பிழையான விடைக்கு எப்படி வந்தீர்கள் என்பதையும் விளக்கவும்.'

நேசராணி அதை இரண்டு தரம் வாசித்தாள். "அடிப்பாவி. நீ கேட்டது ஒரு மார்க்கு. புடிச்சுக் குடுத்தது பதினெட்டுப் பேர."

"என்னடி சொல்ற?"

"கொப்பி அடிச்சோம்னு நெனைக்கிறாருடி! ஒரே ஹோல்ல இருந்து எழுதினோம். சரியான விடை ஒரே மாதிரி வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. பிழை ஒரே மாதிரி வந்தா?"

சிவசக்தி கட்டிலில் உட்கார்ந்தாள். நின்றபடி தாங்கக்கூடிய விஷயமாக அது இல்லை. விசாரணை என்று வந்தால் பதினெட்டுப் பேரின் பரீட்சைத் தாளும் நிறுத்தி வைக்கப்படலாம். இல்லை, நான்தான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று போய் நின்றால், மூன்று பருவத்துப் பதவி பத்து மணிக்கே போய்விடும். தன் விடையே பிழையோ என்ற எண்ணம் அன்றிரவுதான் முதன்முதலாக அவள் தலைக்குள் கால் வைத்தது. வைத்தது படுக்கவில்லை, நடமாடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கஜேந்திரன் சேரின் மேசையில் விடைத்தாள்கள் கடை விரித்தது போலப் பரப்பிக் கிடந்தன. சேர் பதுளை டவுன்காரர். மெலிந்தவர். சிரிக்காமலே பகிடி விடக்கூடியவர் என்பதால் அவர் எப்போது பகிடி விடுகிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

"பாருங்க புள்ள," என்றார். "பதினெட்டுத் தாள். இருபத்து மூணுல மூணு, மூணு, மூணு. ஒரு மேசையில இருந்து மத்த மேசைக்கு காத்துல பறந்து போச்சா?"

"தற்செயலா இருக்கலாம் சேர்" என்ற வாக்கியத்தைப் படியேறும்போது அவள் தயாரித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறொன்று வெளியே வந்தது.

"நான்தான் சேர்."

"என்ன நான்தான்?"

"நான்தான் குப்பி குடுத்தேன். ஒட்சியேற்றம்னு எங்க கண்டாலும் கண்ண மூடிட்டு மூணாவது கட்டத்த போடுங்கன்னு சொன்னேன். யாரும் கொப்பி அடிக்கல. என்னய நம்புனாங்க, அவ்வளவுதான்."

சேர் தாள்களைப் பார்த்தார். "ஜீவன் மட்டும் ரெண்டு போட்டிருக்காரே?"

"அவன் குப்பிக்கு வரல சேர். மொனராகலைல கல்யாணம்."

"அப்ப தப்பிச்சுட்டார்." சேர் எழுந்து வெள்ளைப் பலகையைத் துடைத்து, பேனையை அவளிடம் நீட்டிவிட்டு, மாணவர் உட்காரும் கதிரையில் போய் உட்கார்ந்தார். "நான் குப்பிக்கு வந்திருக்கேன். சொல்லிக் குடுங்க பாப்பம்."

பலகைக்கு முன்னால் நின்றால் சிவசக்திக்கு எப்போதும் உடம்பில் ஒரு தெம்பு வந்துவிடும். பயத்தையும் மீறி அது வந்தது. வாட்டும் தட்டை வரைந்தாள். "இங்க கொழுந்துல ஈரம் கொறையுது சேர். இலை துவண்டு வருது. ஆனா கலங்கள் முழுசா இருக்கு. பொலிபீனோல் ஒரு அறைக்குள்ள, நொதியம் வேற அறைக்குள்ள. ரெண்டும் சந்திக்காது."

"ஏன் சந்திக்காது?"

"நடுவுல சுவரு இருக்கே சேர். கலத்துக்குள்ள மென்சவ்வு." உருட்டும் இயந்திரத்தை வட்டமாக வரைந்தாள். "இங்க போட்டு அமுக்கி உருட்டுறாங்க. கலம் உடையுது. சாறு வெளிய வருது. பொலிபீனோலும் நொதியமும் கலக்குது, காத்தும் படுது. அதுக்கப்புறம்தான் நொதிக்க விடுற எடத்துல..."

பேனை அந்தரத்தில் நின்றது.

குப்பியில் இந்த இடத்தில் அவள் ஒருநாளும் நின்றதில்லை. அடுத்த படத்துக்குத் தாவி, "மூணு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஏன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அப்பாவை மேசையில் வைத்த பிறகு யார் கேட்பார்கள்?

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"ரோலர்லயே தொடங்கிருது சேர்," என்றாள் சின்னக் குரலில். "சுவரு ஒடஞ்சு, காத்தும் பட்டா, வேற எதுக்குக் காத்திருக்கணும்?"

"அப்ப பரப்பி வைக்கிற எடத்துல?"

"தொடங்கினது தொடருது. நெறம் நல்லா தெரியிறது அங்கதான். அதான் நான்..."

"உலர்த்துறதுல?"

"சூட்டுல நொதியம் செத்துப் போகுது. நின்னுருது."

சேர் தாள்களை அடுக்கி ரப்பர் வளையம் போட்டார். "கேள்வியில 'தொடங்குவது'ன்னு நான் கோடே போட்டிருந்தேன். உங்க ஈமெயிலுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க, எனக்கு டைப் பண்ற வேல மிச்சம். கொப்பியும் இல்ல ஒண்ணும் இல்ல, போங்க."

"மார்க்கு சேர்?"

"ஒருத்தருக்கும் கெடையாது." வாசல் வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார். "மூணு வருஷமா இந்தக் கேள்வி கேக்கிறேன் புள்ள. மார்க் போடுங்க சேர்னு நூறு ஈமெயில் வந்திருக்கு. ஏன் பிழைன்னு வந்தது இது ஒண்ணுதான்." இது பகிடியா என்று அவளுக்கு விளங்கவில்லை.

விடுதிக்குப் போகும் வழியிலேயே எல்லாவற்றையும் குழுவில் எழுதிவிட்டாள். பிழை என்னுடையது, சேர் சரி, விசாரணை கிடையாது, அப்பா ஃபெக்டரிக்குள் போனதே இல்லை. கடைசி வாக்கியத்தை எழுதும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்புப் படங்கள் சரம் சரமாக வந்து விழுந்தன. "லொறிக்குள்ளயே நொதிச்சிருச்சு போல" என்று எழுதினாள் லரீபா, தான் செய்துகொடுத்த சத்தியம் காலாவதியாகிவிட்ட துணிச்சலில்.

ஆனாலும் ஏழு விரல்கள் தூக்கியது தூக்கியதுதான். ஜனநாயகத்துக்கு மரியாதை செய்து, கடைசிப் பரீட்சைக்கான குப்பி ஜீவனிடம் ஒப்படைக்கப்பட்டது. காலியாயிருந்த விரிவுரை மண்டபத்தில் பதினேழு பேர் கொப்பியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். சிவசக்தி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு யாரும் இடம் பிடித்து வைத்திருக்கவில்லை.

ஜீவன் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டான். வட்டத்தைச் சிறிது நேரம் பார்த்தான். "விடை ரெண்டு," என்றான்.

"ஏன்டா?" என்றான் ஜூட்.

"ஏன்னா... அதுக்கு முந்தின நாலு கேள்விக்கு வரிசையா மூணு போட்டிருந்தேன் மச்சான். திரும்பவும் மூணா இருக்காதுன்னு ஒரு மாத்தத்துக்கு..."

மண்டபம் வாய்விட்டுச் சிரித்தது. பிறகு மேசைகள் அதிர்ந்தன. ஜீவன் எவ்வித வருத்தமும் இன்றிப் பேனையை மூடி, இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

"சிவசக்தி எங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் எழுந்து முன்னால் போனாள். ஜீவனின் வட்டத்தை அழிக்காமல் அதற்குள்ளேயே சில கலங்களை வரைந்தாள். "கொழுந்த இதுக்குள்ள போட்டு உருட்டுறாங்க," என்று தொடங்கினாள்.

"ஏன் உருட்டணும்?" என்றாள் நேசராணி.

"நல்ல கேள்வி," என்றாள் சிவசக்தி. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அந்த மண்டபம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று குப்பி வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரம் ஓடியது. பாடத்தில் கால்வாசிகூட முடியவில்லை. குறை சொல்லிக்கொண்டே எல்லோரும் அடுத்த நாளும் வந்தார்கள்.