அலுவலகப் பீரோவில் எங்கள் ஒரிஜினல்கள்

எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும் நாளிலேயே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.இ. பட்டம் வரை அத்தனை ஒரிஜினலையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி வாங்கி வைக்கக்கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை இருக்கிறது. அது எங்களுக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நாங்கள் கொடுத்தோம், அவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். படித்தவர்கள் எவ்வளவு அடக்கமானவர்கள் என்பதற்கு எங்கள் ஸ்டாப் ரூமைத்தான் காட்டவேண்டும்.

ஒரு நாளைக்கு வெளியே எடுக்க வழி உண்டு. காரணம் எழுதிக் கொடுத்து, இன்னொரு ஆசிரியரின் ஜாமீன் கையெழுத்தும் வாங்க வேண்டும். எடுத்தவர் திருப்பி வைக்காமல் போய்விட்டால், ஜாமீன் போட்டவரின் சான்றிதழ்கள் ஒருபோதும் வெளியே வராது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் எந்தக் கல்லூரியில் படித்தாரோ.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அப்படி ஒரு நாள் எடுத்தாள். அவள் கணவருக்குப் பெங்களூரில் வேலை. இவள் நாமக்கல்லில் ஒரு வாடகை வீட்டில், பெண் குழந்தையோடு. சனிக்கிழமை இரவு அவர் பஸ் ஏறி வருவார், ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். குழந்தை அவரை விருந்தாளி மாதிரிதான் பார்த்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி இவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, சம்பளம் எவ்வளவு என்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் இருப்பார்களே என்றுதான் தோன்றியது.

ஒரிஜினல் அவசியம் என்று கடிதத்தில் இருந்தது. கூடவே சுய சான்றொப்பம் இட்ட நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், ஆதார், பான், கடைசியாக வாங்கிய சம்பளச் சீட்டுகள். காரணம் என்ற இடத்தில் வீட்டுக்கடன் என்று எழுதினாள். அலுவலகக் கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஜாமீன் ஆருங்க மேடம்?"

"நாந்தானுங்க" என்றேன்.

அன்று மாலை ஜெராக்ஸ் கடையில் நின்று எல்லாவற்றையும் அடுக்கினோம். பிளாஸ்டிக் இலை வைத்த கோப்பில் பத்தாம் வகுப்பு முதலில், பன்னிரண்டு அடுத்து, பிறகு பருவ வாரியாக மதிப்பெண் பட்டியல்கள், புரொவிஷனல், பட்டம், கடைசியில் சாதிச் சான்றிதழ். அவர்கள் கேட்கும் வரிசையில் கை போக வேண்டும், அங்கே உட்கார்ந்து தேடக்கூடாது என்றேன். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பட்டத்தில் இனிஷியல் மட்டும். கேட்டால் இரண்டும் ஒருவர்தான் என்று காட்ட, முன்யோசனையாக நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்திருந்தாள். அவ்வளவு கச்சிதம். இவளை எடுக்காமல் யாரை எடுப்பார்கள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எடுத்தார்கள். ஒரிஜினல்களை நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்பே அவள் கோப்பை அலுவலகத்தில் ஒப்படைத்தாள். கிளார்க் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆபர் லெட்டர் வந்த கையோடு பின்னணிச் சரிபார்ப்புக்கு ஓர் இணைப்பும் வந்தது. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், வசித்த முகவரிகள் சொல்ல வேண்டும், வேலை பார்த்த இடத்தின் மின்னஞ்சல் கொடுக்க வேண்டும். பரிந்துரைக்கு இரண்டு பேர், மேலதிகாரி ஒருவர், சக ஊழியர் ஒருவர். மேலதிகாரி எங்கள் துறைத்தலைவர். மோகனூர்ப் பக்கத்து மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். அவரிடம் கேட்கப் போனோம்.

"என்னையக் கேட்டா நல்லாத்தான் சொல்லுவன் சாமி. ஆனா ஆபீசுக்கு மெயில் வந்தா அவிங்க என்ன போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவருடைய ஒரிஜினல்களும் அதே பீரோவில்தான் இருந்தன.

சக ஊழியர் நான். சரிபார்க்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். எத்தனை வருடப் பழக்கம், நடத்தை எப்படி, விலகக் காரணம் என்ன என்று பட்டியல் வாசிப்பது போலக் கேட்டாள். கடைசியாக, "இவர் திரும்பி வந்தால் நிர்வாகம் மறுபடி வேலைக்கு எடுக்குமா?" என்றாள். விட்டால்தானே அம்மா திரும்பி வருவதற்கு என்று வாய் வரை வந்தது. தாராளமாக எடுப்பார்கள் என்று சொல்லி வைத்தேன்.

பட்டம் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நேராகக் கேட்டிருந்தார்கள். அது சரியாக வந்துவிட்டது. முகவரியும் சரி. வேலை விவரம் மட்டும் நின்றது. அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தாள். பருவத்தின் நடுவில் யாரையும் விடுவிப்பதில்லை, மூன்று மாத நோட்டீசும் பருவ முடிவிலிருந்துதான் கணக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கம்பெனியோ, சேரும் நாளில் விடுவிப்புக் கடிதமும் ஒரிஜினல்களும் கையில் இருக்க வேண்டும் என்றது. சரிபார்ப்பு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு முதலில் அலுவலகம் பதிலே போடவில்லை. மூன்றாவது நினைவூட்டலுக்கு ஒரு வரி போட்டார்கள். இன்னும் பணியில் இருக்கிறார், விடுவிக்கப்படவில்லை, ஆவணங்கள் எங்கள் பொறுப்பில் உள்ளன. அதில் ஒரு சொல் பொய்யில்லை.

அவள் கல்லூரிச் செயலாளரின் அறைக்கு வெளியே போய் நின்றாள். ஒரு நாள் இல்லை, பல நாள். குழந்தைக்குப் பெங்களூரில் பள்ளியில் இடம் பார்த்தாகிவிட்டது என்று எழுதிக்கூடக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, "குழந்தைக்கு இங்கயும் நல்ல ஸ்கூல் இருக்குதுங்களே மேடம்" என்றாராம். குரலை உயர்த்தவே இல்லையாம்.

மேலே புகார் கொடுப்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"குடுத்தா இன்னும் கோவமா ஏதாச்சும் மெயில் போடுவாங்கக்கா. இப்ப விடலைன்னு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க. அப்புறம் கெட்ட பேரு எழுதுனா எங்க போனாலும் அதுதான நிக்கும்."

கம்பெனி சேரும் தேதியை ஒரு முறை தள்ளி வைத்தது. சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரமும் ராஜினாமா அனுப்பிய மின்னஞ்சலும் போதுமா என்று அவள் கேட்டதற்கு, விலகியவர் என்றால் போதும், நீங்கள் இன்னும் அங்கே பணியில் இருப்பதாக அல்லவா பதில் வந்திருக்கிறது என்றார்கள். பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாக மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. அன்றைக்கு அவளுக்கு மதியம் இரண்டு வகுப்பு. இரண்டையும் எடுத்தாள்.

இரண்டாவது வகுப்பு முடிந்து வந்தவளிடம் நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். இன்டர்வியூ முடிந்த அன்றைக்கே கோப்பு உன் கையில் இருந்ததே, அப்படியே பெங்களூரிலேயே இருந்திருக்கலாமே. ஒரிஜினலை வைத்துக்கொண்டு, விலகிவிட்டேன் என்று நீ எழுதியிருந்தால், இவர்கள் என்ன கத்தியிருந்தாலும் ஏதாவது வழி பிறந்திருக்குமே.

"அவுங்களும் அதையேதான் சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல சண்டையே போட்டாங்க, பைய வாங்கி வெச்சுக்கிட்டு பஸ் கெளம்பற வரைக்கும் குடுக்கவே இல்லீங்க" என்றாள். கணவரைத்தான் சொன்னாள்.

"அப்புறம் ஏன் கொண்டாந்து குடுத்தே?"

"உங்களுது உள்ள இருக்குதுங்களேக்கா."

இதைச் சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து நின்று அழுதேன். சொந்த வீடு, பிள்ளைகளின் பள்ளி, கணவரின் கடை என்று எனக்கு எல்லாம் இந்த ஊரிலேயே அமைந்துவிட்டது. வேறு வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டதே இல்லை, போடவும் போவதில்லை. ஓய்வு பெறும் வரை அந்தப் பீரோவிலிருந்து என் சான்றிதழ்களை எடுக்கவேண்டிய தேவை எனக்கு வரவே வராது. அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.