கடைசிப் படத்தில் மட்டும் போட்ட வரி

இரத்தப் பரிசோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் நான். அதை நானே தப்பாகப் படித்து என் மனைவியைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

குருண் பட்டணத்தில் எனக்குச் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், இப்போது பேஸ்புக் படங்களும். பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மா ஒரு கேரோசல் கேட்டார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க எட்டுப் படங்கள்: ஹீமோகுளோபின், வெள்ளை அணு, பிளேட்லெட், சீனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரண அளவு, H என்றால் அதிகம், L என்றால் குறைவு.

"எட்டுலயும் கீழ, டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு போடுங்க அண்ணே."

எட்டிலும் போட்டால் அழகு கெடும் என்று கடைசிப் படத்தில் மட்டும், பொடி எழுத்தில் போட்டேன்.

அடுத்த மாதம் மனைவிக்கு மூன்று நாள் காய்ச்சல். டாக்டரம்மா இரத்தம் எடுத்தார். "டிங்கி கொசுக்காய்ச்சல் மாதிரி இருக்கு. நாளைக்கும் வந்து இரத்தம் குடுக்கணும்." மாலையில் அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தது. என் மூன்றாவது படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிளேட்லெட் 158.

"நூத்தம்பதுக்கு மேல இருக்கு. நார்மல் லா."

"வெள்ளை அணுவுல L போட்டிருக்கே?" என்றாள் அவள்.

"ஒரே ஒரு L தானே. அதுக்குப் போயி..."

மறுநாள் போகவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. நான் ரொட்டி சானாய் வாங்கிவந்து கொண்டாடினேன். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மதியத்துக்குள் வயிற்றுவலி, ஓயாத வாந்தி. கையைத் தொட்டால் ஐஸ்.

கிளினிக்கில் மறுபடி பார்த்ததில் பிளேட்லெட் 31. டிங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அப்போதுதான் கேட்டேன். ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். தினமும் பார்த்து எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்க வேண்டுமாம். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். 24 என்றார்கள். பிறகு 19. எண்களை ஊருக்கே விளக்கியவன் நான். தாதி வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கேட்கத் துணிவில்லாமல் உட்கார்ந்தேன். கையிலிருந்த போனில், எங்கள் தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ என் மூன்றாவது படத்தை மட்டும் அனுப்பி, 'மிகவும் பயனுள்ளது' என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் படத்தை யாருமே அனுப்பவில்லை. கும்பிடக்கூடக் கை வரவில்லை. அவளுக்குப் பதில் என்னை எடுத்துக்கொள் என்று மட்டும் உள்ளுக்குள் முனகிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் 42. அதன்பின் ஏறிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்ததும் எட்டுப் படங்களிலும் அந்த வரியைப் பெரிதாகப் போட்டு அவளிடம் காட்டினேன். கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எட்டையும் தள்ளிப் பார்த்தாள்.

"நல்லாதான் இருக்கு. ஆனா அடுத்த தடவ எனக்குக் காய்ச்சல் வந்தா உங்ககிட்ட சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிக்கிறேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நேரா டாக்டர்கிட்ட கூட்டிப் போயிருவாங்க."