திருத்தச் சீட்டுக்கு அடியில்

அலுவலகத்தில் என் கையெழுத்தை யாரும் மெச்சியதில்லை. டைப் அடிப்பதும் சுமார்தான். ஆனால் பசை ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் கட்டட அனுமதி தரும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லபடியாக ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கிறார்கள். கட்டட விதிகள் அடங்கிய புத்தகம் எங்கள் பிரிவில் மூன்று பிரதி இருந்தது. விதி ஏதாவது மாறினால் கெஜட்டில் வரும். வந்ததும் அந்தப் பகுதியைக் கத்தரித்து, புத்தகத்தில் பழைய வாசகத்தின் மேலேயே ஒட்டிவிட வேண்டும். அதற்குத் திருத்தச் சீட்டு என்று பெயர். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, நானே பசை செய்வேன். ஓரம் தூக்காது, சுருக்கம் விழாது, அடியில் வேறு எழுத்து இருந்ததே தெரியாது. பார்க்கிறவர்கள் அச்சிலேயே அப்படித்தான் வந்தது என்று நினைப்பார்கள். செயலகத்தில் சட்டப் பிரிவில் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். அவர்கூட என் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் பிரதியையும் கொடுத்து ஒட்டித் தரச் சொன்னார்.

ஒரு ஜூன் மாதம் பக்கவாட்டு இடைவெளி பற்றிய விதி மாறியது. இனி வீட்டின் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி காலி இடம் விட வேண்டும். நான்கு பிரதியிலும் அழகாக ஒட்டினேன். கத்தரித்து மிஞ்சிய கெஜட்டை வழக்கம்போல டீக்கடைக்காரர் வடை மடிக்க வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் எங்கள் எஞ்சினியர் உழவர்கரைப் பக்கம் ஆய்வுக்குப் போய்விட்டு வந்தார். ஒரு வீடு கதவு நிலைக்கு மேலே லிண்டல் மட்டம் வரை எழும்பியிருக்கிறது, ஒரு பக்கம் மூன்றடிதான் விட்டிருக்கிறார்கள், மறுபக்கம் எல்லையிலேயே சுவர் நிற்கிறது, இரண்டு சுவரையும் அகற்ற ஏழு நாள் நோட்டீஸ் அடியுங்கள் என்றார். நான் புத்தகத்தைப் பிரித்தேன். ஐந்தடி என்று பளிச்சென்று இருந்தது. அடித்தேன், அவர் கையெழுத்துப் போட்டார், அனுப்பிவிட்டோம். அனுமதி கொடுத்த தேதியை நான் பார்க்கவே இல்லை. என் பசைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாளே அந்த அம்மாள் வந்துவிட்டார். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை, நாற்பது வயதிருக்கும். முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டீசை என் மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"இன்னா சார் இது? மனையே பதினஞ்சு அடி அகலம். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு வுட்டா நடுவுல நாங்க நின்னுக்கினே தூங்கறதா?"

"அம்மா, விதி அப்படி இருக்கு. நானா எழுதினேன்?"

"நீங்கதான சார் பிளானுக்கு சீல் குத்தினீங்க? பிப்ரவரியில குடுத்தீங்க. அத நம்பிதான சுவத்த ஏத்தினோம்? இருந்த நகை, ஊட்டுக்காரரு பிஎஃப், எல்லாம் அந்தச் சுவத்துலதான் இருக்கு. சுவரு வெச்சப்ப இல்லாத சட்டம், இப்ப வந்து இடின்னு சொல்லுமா?"

எய்தவன் இருக்க அம்பை நோகிறாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அவர் நீட்டிய பிளானைப் பார்த்தேன். பிப்ரவரி தேதி, அலுவலக முத்திரை, ஓரத்தில் என் சுருக்கொப்பம். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் எல்லைச் சுவர் என்று தெளிவாக வரைந்திருந்தது. எய்தவனும் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவரை உட்காரச் சொன்னேன்.

"சுவத்துல கை வைக்காதீங்க. சட்டப் பிரிவுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"ஆறு நாளுதான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சினியர் கெட்டவர் அல்ல, ஆனால் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பப் பெறுவது அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. சட்டப் பிரிவில் கேட்டுவிடலாம் என்றதும், கேட்டால் நமக்குத்தான் சாதகம் என்று அவரும் உடன் வந்தார். கோப்பு எழுதி அனுப்பினால் பதில் வர ஒரு மாதம் ஆகும். அதனால் கோப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு இருவரும் சைக்கிளில் செயலகத்துக்குப் போனோம்.

அந்த இளம் அதிகாரிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இங்கேயே சட்டம் படித்தவர். பேச்சில் தயவு தாட்சண்யம் இருக்காது. கோப்பைப் புரட்டிவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

"அனுமதி கொடுத்தது?"

"பிப்ரவரி" என்றேன்.

"சுவர் எழும்பினது?"

"மே கடைசிக்குள்ள."

"திருத்தம் கெஜட்ல வந்தது?"

"ஜூன்."

"இதுக்கு முன்னாடி அனுமதி வாங்கிக் கட்டினதுக்கும் பொருந்தும்னு திருத்தத்துல எங்கயாச்சும் ஒரு வரி இருக்கா?"

"இல்லிங்க."

"அப்ப அந்த வரிய நீங்களா சேத்துப் படிக்காதீங்க. புது விதின்னா வந்த நாள்லேர்ந்து முன்னாலதான் போகும். பின்னால போகும்னு தெளிவா சொல்லாத வரைக்கும், போகாதுன்னுதான் எடுத்துக்கணும். நம்ம ஊர்ல இருந்த பிரெஞ்சு சட்டத்துலயும் இதேதான். இந்தம்மா வெறும் மனு போட்டுட்டு அனுமதிக்காகக் காத்துக்கினு இருந்தாங்கன்னா கத வேற, புது விதிப்படிதான் பாத்திருக்கணும். இவங்க அனுமதி வாங்கிட்டாங்க, அத நம்பிக் கட்டியும் ஆச்சு. அந்த உரிமைய ஜூன் மாசத்து விதி வந்து எடுத்துக்க முடியாது."

எஞ்சினியர் விடவில்லை. "சொல்லலன்னா சொல்லிட்டாப் போச்சு மேடம். ஜனவரி ஒண்ணுலேர்ந்து அமல்னு இன்னொரு திருத்தம் போட்டுடலாமே?"

"போட முடியாது சார். சட்டசபை நெனச்சா பின்தேதி போட்டு ஒரு சட்டம் கொண்டுவரலாம். நாம சட்டசபை இல்ல. விதி செய்ய நமக்கு அதிகாரம் குடுத்ததே மேல இருக்கிற சட்டம்தான். பின்தேதி போட்டுக்கலாம்னு அதுல ஒரு வார்த்த கெடையாது. குடுக்காத அதிகாரத்த நாம எப்படி எடுத்துக்கறது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி கொடுக்காத வரத்தைப் பூசாரி தன் கணக்கில் எழுதப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி அரை நிமிடம்தான் நீடித்தது.

"சரி மேடம்" என்றார் எஞ்சினியர். "பழைய விதிப்படிதான் பாக்கணும்னா பாப்போம். பழைய விதியிலயும் எல்லையில சுவர் வைக்க எடமில்லன்னு எனக்கு ஞாபகம். அப்ப பிப்ரவரியில குடுத்த அனுமதியே தப்பு."

"நியாயமான கேள்வி. பழைய வாசகத்தக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

திருத்தத்தில் பழைய வாசகம் இல்லை. 'பதினான்காம் விதிக்குப் பதிலாகக் கீழ்க்கண்டது வைக்கப்படும்' என்பதோடு சரி. எங்கள் மூன்று பிரதியிலும் ஐந்தடிதான் தெரியும். அதிகாரி தன் அலமாரியிலிருந்து சொந்தப் பிரதியை எடுத்துப் பிரித்தார். அதிலும் ஐந்தடி.

"இதுலயும் நீங்கதான ஒட்டினீங்க?" என்றார்.

ஓரம்கூடத் தூக்கவில்லை. என் வாழ்நாளில் என் கைத்திறமையை நானே சபித்தது அன்றைக்குத்தான். அச்சகத்தில் பழைய பிரதி தேடினால் பதினைந்து நாளாகும் என்றார்கள். நோட்டீசில் மீதி நான்கு நாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனேன். எஞ்சினியரும் கூடவே வந்தார், நான் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேன் என்ற சந்தேகமோ என்னவோ. பாய்லரின் ஆவி வரும் இடத்தில் அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். மைதா ஆவிக்கு இளகும் என்பது பசை காய்ச்சியவனுக்குத் தெரியாதா? ஆனால் என் பசை சீக்கிரம் இளகவில்லை. விரல் சுட்டது. அவசரப்பட்டு இழுத்தால் அடியிலிருக்கும் எழுத்தும் சீட்டோடு வந்துவிடும், அந்த அம்மாளின் வீடும் அதோடு போய்விடும். சேஃப்டி பின்னை ஓரத்தில் நுழைத்து நூல் நூலாகத் தூக்கினேன். டீக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

முதலில் 'மூன்று அடி' தெரிந்தது. மூச்சு வந்தது. அடுத்த வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. 'இருபது அடிக்குக் குறைந்த அகலமுள்ள மனைகளில், பக்கத்து மனைக்காரர் எழுத்துமூலம் சம்மதித்தால், ஒரு பக்கம் எல்லையிலேயே சுவர் எழுப்பலாம்.' கோப்பில் பக்கத்து மனைக்காரரின் சம்மதக் கடிதம் இருந்தது, கைநாட்டோடு.

எஞ்சினியர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"என் ஞாபகம்தான் தப்பு. நோட்டீஸ வாபஸ் வாங்கிடலாம், டைப் அடிங்க" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார். அவருடன் வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அது ஒரு முறைதான் நடந்தது.

வாபஸ் கடிதத்தைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே சைக்கிளில் கொண்டுபோனேன். அந்த அம்மாள் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இடிக்கச் சொன்ன சுவருக்கு நான்கு நாளும் விடாமல் தண்ணீர் விட்டிருக்கிறார்! கடிதத்தைப் படித்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் திருத்தச் சீட்டை முழுவதும் ஒட்டுவதில்லை. மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி, கதவு மாதிரி தொங்கவிட்டு, தேதியை மூலையில் எழுதிவிடுவேன். தூக்கினால் பழைய விதி தெரியும், விட்டால் புது விதி. புத்தகம் பார்க்க லட்சணமாக இல்லை என்று எஞ்சினியர் குறைபட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம், என்னையும் அழைத்திருந்தார்கள். கூடம் முழுக்க மில் ஆட்கள், ஒரே சத்தம். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கி அழைத்துப்போய், எல்லைச் சுவரோரம் பாய் விரித்தார். நான் சுவரில் படாமல் விறைப்பாக உட்கார்ந்தேன்.

"சாஞ்சி உக்காருங்க சார். அது நிக்கும்" என்றார்.

நான் டைப் அடித்த முதல் தாளின்படி என் முதுகுக்குப் பின்னால் வெறும் வெளிதான் இருந்திருக்க வேண்டும். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டாவது தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.