கை சேர்ந்த பிறகும் இழுப்பது

தைத்த இடம் ஆறிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் என் இடது மார்பு எனக்குத் திரும்பி வரவில்லை. மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது கிழிந்த தசை அது. தொட்டால் அடுத்தவன் உடம்பைத் தொடுவதுபோல் இருந்தது. உள்ளே செத்தே போய்விட்டதோ என்று பயந்தேன்.

கோவில்பட்டியில் என் பள்ளித் தோழன் ஜிம் நடத்துகிறான். மத்தியான வேளையில் அங்கே ஈ காக்கை இருக்காது. அந்த வாரம் அடித்த மழையில் கரிசல் மண் ஊறி உப்பியிருந்தது. ஜிம் தரையும் லேசாக எழும்பி, நிலைக்கண்ணாடியில் புதிதாக ஒரு விரிசல். அதில் என் தலை கழுத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றது.

"பிரஸ் நல்லாத்தானலே போகுது" என்றேன் அவனிடம்.

"அதுல நீ முழங்கையை மடக்கி நீட்டுத. தோளும் கைப் பின்தசையும் சேந்து தூக்கிரும். நெஞ்சு பாதி வேலை செஞ்சாலும் தெரியாது. ஃப்ளைல, கையை விரிச்சுச் சேக்கும்போது, முழங்கை அப்படியே நிக்கும், நெஞ்சுதான் கையை அணைச்சுக் கொண்டாரணும்."

மல்லாந்து படுத்து டம்பெல் ஃப்ளை செய்தேன். கை அகல விரிகிற இடத்தில்தான் பாரம் அதிகம். அங்கே போகப் பயந்து மேல்பாதியிலேயே ஆட்டிக்கொண்டிருந்தேன். கைகள் சந்திக்கும் உச்சியில் எடை காற்றாகிவிட்டது.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "மேல போனா பாரம் நேரா எலும்புல இறங்கிரும், நெஞ்சுக்கு என்ன வேலை? கேபிளுக்கு வா. அது பக்கவாட்டுல இழுக்கும். கை சேந்த பொறவும் விடாது."

எடைத்தட்டுகள் ஏறி இறங்கும் இரண்டு கேபிள் தூண்களுக்கு நடுவே நின்று, குறைந்த எடையில் கைப்பிடிகளை முன்னால் சேர்த்தேன். பிறகு துளி தளர்த்தினேன். வலது கையை யாரோ பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இடது கைக்கு ஆளில்லை. இடது நெஞ்சு அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏலே, அசையாத" என்றான். அவன் குரலே மாறிவிட்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். இடது தூணில் எடைத்தட்டுகள் அந்தரத்தில் நின்றன. கேபிள் தொய்ந்து கிடந்தது.

கரிசல் வற்றிக் கிடந்த வெயில் காலத்தில் தூண்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியவன் அவன்தான். தரை தூக்கியதில் இடது தூண் சாய்ந்து, மேலே போன தட்டுகள் இறங்க முடியாமல், தாங்கள் வழுக்கும் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தன. அவன் ஓடிவந்து பிடிப்பதற்குள் அவை மடாரென்று இறங்கின.

கேபிள் சுண்டியது. இடது கை பின்னால் போனது. ஒரு சாண் போயிருக்கும், நெஞ்சுக்குள் எதுவோ இறுகி அதை நிறுத்தியது. நான் நிறுத்தவில்லை, சத்தியமாக.

"கிழிஞ்சிருச்சாலே?"

"இல்லலே. நெஞ்சே பிடிச்சு நிறுத்திட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கைப்பிடியை வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. இடது கையை மெல்ல முன்னால் கொண்டுவந்து வலது கையோடு சேர்த்தேன். அங்கேயும் கேபிள் இழுத்தது. விட்டுவிடாதே என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.