வரிசையில் மேலே நின்ற விருதுநகர்

பாண்டிலட்சுமிக்கு அல்காரிதம் பேப்பர் ஒன்றுதான் அரியர். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த சென்னைக் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டது. ஜூன் மாதம் சேரும்போது அரியர் எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு முன்னால் பரீட்சை ஒரு தடவைதான் வரும். அதனால் அந்த ஒரு பேப்பரை மாதக்கணக்கில் கரைத்துக் குடித்தாள். அதே பேப்பரில் அரியர் வைத்திருந்த பக்கத்து பெஞ்சு ஐஸ்வர்யாவுக்குக் கூட அவளே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "வரிசையில வந்து நிக்குறது எல்லாம் வெறும் பேச்சு ஐஸு. வெளிய எடுத்தாத்தான் முடிவு" என்று.

அவளுடைய அப்பா இசக்கிப்பாண்டி சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அந்த வேனின் முன் சீட்டில் கழித்தவள் பாண்டிலட்சுமி. இசக்கிப்பாண்டிக்கு உலகத்தில் அசைக்க முடியாத சட்டம் ஒன்று உண்டு. "அவசரம்னா ஊருக்குள்ள மட்டும் வண்டிய விட்டுறாத தாயி. விருதுநகர் பஜாருக்குள்ள மாட்டுனோம், அம்புட்டுத்தான்." ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொல்வார். சொல்லிச் சொல்லி அது அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

கேள்வித்தாள் தயாரித்த மகராசன் யாரோ உள்ளூர் ஆள். வழக்கமான ஏ, பி, சி போடாமல் பாதைப் படத்தின் முனைகளுக்கு ஊர்ப்பெயர் வைத்திருந்தான். சாலைக்கு ஒரு எண். 'எண்கள் கற்பனை' என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. முன்னுரிமை வரிசையைக் கொண்டு, அதாவது வரிசையில் நிற்கும் ஊர்களில் தூரம் குறைந்ததையே ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து, சிவகாசியிலிருந்து சூலக்கரைக்கு மிகக் குறைந்த தூரத்தைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ரோடு, நம்ம கேள்வி என்று நினைத்தாள்.

அழகாகத்தான் தொடங்கினாள். சிவகாசி பூஜ்யம். அதை எடுத்ததும் திருத்தங்கல் 2, ஆனைக்குட்டம் 7 என இரண்டும் வரிசைக்குள் போயின. சிறியது திருத்தங்கல், அதை எடுத்தாள். அங்கிருந்து ஆனைக்குட்டத்துக்கு 3 தான், ஆக 7 போய் 5 ஆனது. விருதுநகருக்கு 11, ஆக 13. அடுத்துச் சிறியது ஆனைக்குட்டம், 5. அதை எடுத்தாள். அங்கிருந்து விருதுநகருக்கு 4, ஆகவே 13-ஐ அடித்து 9 என்று எழுதினாள். சூலக்கரைக்கு நேர் ரோடு 9, ஆக 14. இப்போது வரிசையில் மேலே விருதுநகர் 9, கீழே சூலக்கரை 14.

அடுத்து விருதுநகரை எடுக்க வேண்டியதுதான். எடுத்திருந்தால் அங்கிருந்து சூலக்கரைக்கு 3 என்பது கண்ணில் பட்டிருக்கும். 14 போய் 12 ஆகியிருக்கும். எடுக்கவில்லை. ஆனைக்குட்டத்திலிருந்து சூலக்கரைக்குப் போகிறவன் எவனாவது ஊருக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு போவானா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கண் முன்னால் கேள்வித்தாள் இல்லை, வேனின் முன் கண்ணாடிதான் இருந்தது. சூலக்கரை 14 என்று வட்டம் போட்டு, பாதையையும் எழுதி, அடிக்கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இரண்டு மார்க்கில் போனது. ஐஸ்வர்யா தேறிவிட்டாள்.

விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு கற்பகவல்லி மேடத்திடம் போனாள். அந்தப் பேப்பரை நடத்தியவர் அவர்தான். மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மார்க் சரியாத்தான் போட்டிருக்காக. இது வரைக்கும் உள்ளதுக்குக் கொடுத்துட்டாக. ஏம்மா, விருதுநகர் 9 மேல நிக்குது, நீயே எழுதியிருக்க. அத எடுக்காம சூலக்கரைய எப்படி முடிச்ச?"

பாண்டிலட்சுமிக்கு அப்பாவின் சட்டம்தான் வாய் வரை வந்தது. சொன்னால் மேடம் சிரிப்பார் என்று பயந்தாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேடம் தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "தெரிஞ்சத விட்டுட்டயே தாயி" என்று மட்டும் சொன்னார். அந்த வருத்தத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெரியாமல் தோற்றிருந்தால் விதியைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஐஸ்வர்யாவுக்குத் தான் சொன்ன சொல்லே திரும்பத் திரும்பக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு இசக்கிப்பாண்டி வீட்டுக்கு வந்தார். கம்பெனியிலிருந்து வேலை இல்லை என்று மெயில் வந்ததை அம்மா ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். அவர் திட்டவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கேள்வியில போச்சு?"

"பாதை கண்டுபிடிக்கிற கேள்விப்பா. சிவகாசியில இருந்து சூலக்கரைக்கு."

இசக்கிப்பாண்டி அவள் தலையை மெல்லத் தடவினார்.

"அட, நம்ம ரோடுல்ல. ஊருக்குள்ள விடாமப் போகணும்னு நான் எம்புட்டுத் தடவ சொல்லியிருக்கேன். அத மறந்துட்டயா தாயி?"

அவள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

"ஆமாப்பா, மறந்துட்டேன்" என்றாள்.