சிவப்புக் குறி போட்ட படம்

கன்னடப் பக்கத்தில், சந்தாபுராவைத் தாண்டி ஒரு ரோஜாத் தோட்டம். வேலைக்கு இருந்தவர்கள் முக்கால்வாசி திருப்பத்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்கள். கிராம சுகாதாரப் பணியாளராக நான் அங்கே போய்வந்த நாட்களில் எங்கள் சுகாதார ஆபீசிலிருந்து பாம்புக்கடி போஸ்டர் ஒன்று கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் கன்னடம். செய்யக் கூடாதவைதான் பெரிது பெரிதாக: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது. ஒவ்வொன்றின் மேலும் தடியாகச் சிவப்புப் பெருக்கல் குறி. ஆட்களைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு, அவர்கள் தங்கும் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு யார் படித்துச் சொல்வது? அதை ஆபீசில் ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆள் ஓடி வந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், வந்து ஒரு வாரம்கூட ஆகாத புருஷன் பெண்டாட்டி ஜோடியில் பெண் தரையில் கிடந்தாள். கண்ணாடி விரியன். முழங்காலுக்குக் கீழே கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கடிவாயில் இரண்டு கீறல். ரத்தம் நிற்காமல் வடிந்தது. புருஷன் வாயெல்லாம் ரத்தம்.

கயிற்றை அவிழ்க்கக் கை பரபரத்தது. ஆனால் இறுக்கிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் விஷம் ஒரேயடியாக ஏறிவிடும். டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். கொலுசைக் கழற்றினேன். காலை ஆடாமல் பலகையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, தோட்டத்து டெம்போவில் படுக்கவைத்தோம்.

ஓசூர் ரோட்டில் லாரிகள் நகரவே இல்லை. ஈறிலிருந்தும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ஏன் கீறினாய் என்று அவனிடம் எரிந்து விழுந்தேன். அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

"நீங்க மாட்டுன படத்துல இருக்கற மாதிரிதான் செஞ்சேன், நர்சம்மா. மூணுமே செஞ்சேன். செகப்புல ஆஸ்பத்திரி குறி போட்டிருந்துச்சே."

மடியிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தேன். என் மருந்துப் பெட்டி மூடியிலும் சிவப்புக் கூட்டல் குறிதான்; சாய்த்துப் பார்த்தால் அதே பெருக்கல். அந்த மூன்றையும் செய்து முடிக்கும்வரை அவன் வண்டி தேடவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்தினார்கள். சோதனைக்குக் கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்த ரத்தம் உறையவே இல்லை. பாட்டில் மேல் பாட்டிலாக ரத்தம் ஏற்றியும் கீறல் இரண்டும் வடிந்துகொண்டே இருந்தன. வராந்தாவில் நான் கும்பிடாத சாமி இல்லை. பொழுது சாயும்போது டாக்டர் வெளியே வந்து, போய்விட்டாள், நேரம் கடந்து கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார்.

அவன் அழவில்லை. உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க படம் இல்லாங்காட்டி எனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுமா. ஏதோ என்னால முடிஞ்சத செஞ்சேன்னு ஒரு ஆறுதல்."