ஞானபாயின் மருந்து அலமாரி

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் இருந்த பெண்பிள்ளைகள் விடுதியில் ஞானபாய் பல ஆண்டுகளாக வார்டன். பிள்ளைகளின் மருந்துகள் அவருடைய அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் பூட்டியிருக்கும். சாவிக்கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்காது.

ஹோட்டல் சமையற்கட்டில் வேலைபார்த்த உலகம்மாள், மகள் ஷிஜாவைச் சேர்க்க வந்த அன்று மருந்துப் பையோடு ஒரு குறிப்பும் தந்தாள்.

‘வலிப்பு மாத்திரை காலை எட்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று. தவறக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கையில் இரும்பு கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஸ்ப்ரே, ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் இரண்டு முறை. உடனே ஆம்புலன்ஸ்.’

“டாக்டரே தோத்தாரு போ,” என்றாள் எட்டிப் பார்த்த சமையல்காரி கோமதியம்மாள்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதா, உலகம்மா? எங்க அண்ணனுக்கே இருந்துதில்லா,” என்று சிரித்தார் ஞானபாய்.

“தெரிஞ்சவுங்களுக்குத்தான் அக்கா எழுதணும்.”

குறிப்பை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை.

மழைக்காலத்தில் ஷிஜாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மாலை ஜெபம் முடிந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். உடல் விறைத்து வெட்டியது. ஞானபாய் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் எழுதியிருந்தபடியே நடந்தது. ஆனால் அவருடைய வலக்கை, யாரையும் கேளாமல், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிச் சிறுமியின் உள்ளங்கையில் திணித்தது. அண்ணன் விழும்போதெல்லாம் அம்மா செய்தது அதுதான். ஷிஜாவின் விரல்கள் சாவிக்கொத்தின்மேல் இறுகின.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வலிப்பு நிற்கவில்லை.

“ஸ்ப்ரே எடுங்கோ சேச்சி! நான் ஆம்புலன்ஸுக்கு விளிக்கட்டே,” என்று கத்தினாள் கோமதியம்மாள்.

அலமாரி பூட்டியிருந்தது. சாவி அந்தச் சின்னக் கைக்குள் இருந்தது. ஞானபாய் ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தார். அது குச்சிபோல் நின்றது. முறித்துவிடுவோமோ என்று விட்டுவிட்டார். உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

அறைக்கு ஓடி, தண்ணீர்ச் செம்பால் கண்ணாடியை உடைத்தார். முழங்கை கிழிந்தது தெரியவில்லை. ஸ்ப்ரேயை எடுத்துவந்து மூக்கில் அடித்தார். வெட்டு மெல்ல மெல்ல அடங்கி, மூச்சு வந்தது. ஆம்புலன்ஸும் வந்தது.

மருத்துவமனை வராந்தாவில் உலகம்மாளிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. வார்டனின் முழங்கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதியிருந்தேனே அக்கா,” என்றாள்.

ஷிஜா விடுதிக்குத் திரும்பிவிட்டாள். ஸ்ப்ரே இப்போது பூட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத மாடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று விடுதியில் வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை தும்மினாலும் இடறினாலும், ஞானபாய் முதலில் பார்ப்பது அந்தப் பிள்ளையை அல்ல. தன் வலக்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்.